தேதி போட்ட தாள்கள்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுப் பள்ளியில் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் முழுவதும் ஓர் அட்டைக்குள் அடங்கிவிடும். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று பத்திகள், ஓரத்தில் ரேங்க், கீழே அப்பாவின் கையெழுத்துக்கு இடம். காலாண்டு விடைத்தாளையாவது கையில் கொடுப்பார்கள். முழு ஆண்டுத் தேர்வின் தாள் திரும்பி வந்த வழக்கமே கிடையாது. எண் மட்டும் வரும். தமிழில் 62 என்றால் பிள்ளை எதைச் சரியாக எழுதியது, எதில் தடுமாறியது என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஆனாலும் அன்று சான்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டுரை நோட்டு இருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கு மேலும் தேதி, கீழே சிவப்பு மையில் திருத்தம், வாத்தியாரின் சுருக்கொப்பம். ஜூன் முதல் மார்ச் வரை ஒரு பிள்ளை எப்படி எழுதக் கற்றது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. யாரும் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருசேரப் படிக்கவில்லை, அவ்வளவுதான். மே மாதத்தில் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

இன்று அப்படி ஒருசேரப் படிப்பதற்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. ஆசிரியர்கள் பேச்சில் போர்ட்ஃபோலியோ. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் கேட்டது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற கணக்கு வந்தது. அந்த 40-ஐ எதைக் காட்டிப் போடுவது என்ற கேள்வியோடு ஃபைல்களும் வகுப்பறைக்குள் வந்தன. பல இடங்களில் அவை வண்ணத்தாள், கடையில் வாங்கிய படம், அம்மாவின் கையெழுத்தில் ஒரு செயல்திட்டம் ஆகியவற்றின் ஆல்பமாக முடிந்துபோனதும் உண்மை.

ஆல்பத்தையும் சான்றையும் பிரிப்பது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி. ஆசிரியர் வருடத்தில் மூன்று முறை, ஜூலை, நவம்பர், மார்ச் மாதங்களில், ஒரு படத்தைக் காட்டி எழுதச் சொல்கிறார். சந்தை, பேருந்து நிலையம், திருவிழா என்று படம் மாறும். ஒரே படமென்றால் இரண்டாம் முறை நினைவிலிருந்தே எழுதிவிடுவார்கள். ஆனால் வேலை அதே வகை, நேரம் அதே பதினைந்து நிமிடம். பிள்ளையே முதலில் தேதி எழுதும். ஆசிரியர் தாளின் அடியில் பென்சிலால் ஒரு வரி சேர்ப்பார்: ‘தனியாக எழுதியது’ அல்லது ‘இரண்டு சொல் கேட்டாள், சொன்னேன்’. திருத்திப் பிரதி எடுத்த தாளை மட்டும் வைத்தால் பயனில்லை. முதலில் எழுதியதே உள்ளே போக வேண்டும்.

ஜூலைத் தாளில் 14 சொற்கள், 5 பிழைகள். ‘பழம்’ என்பது ‘பலம்’ என்று இருக்கிறது, ‘கடையில்’ என்பது ‘கடயில்’ என்று. நிறுத்தற்குறி எங்கும் இல்லை. நவம்பரில் 38 சொற்கள், 9 பிழைகள். பிழைக்கு அரை மதிப்பெண் குறைக்கும் பழைய கணக்கில் இவள் பின்னுக்குப் போய்விட்டாள். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை. ஜூலையில் மூன்று சொல்லுக்கு ஒரு பிழை. நவம்பரில் நான்கு சொல்லுக்கு ஒன்று. நிறைய எழுதத் துணிந்ததால்தான் பிழையின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

ஆனால் நவம்பர்த் தாளில் இன்னொன்றும் இருக்கிறது. ‘பழம்’ இப்போது சரி. அதற்கு இரண்டு வரி தள்ளி, பேருந்து நிலையத்தில் ‘மலை பெய்தது’. அதாவது வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சொல்லைப் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறாள். ல, ழ வேறுபாடு இன்னும் காதில் ஏறவில்லை. மொத்த மதிப்பெண்ணில் இது தெரியாது. ஆசிரியர் டிசம்பரில் சொல்லிப் பழகும் பயிற்சியைத் தொடங்குகிறார். மார்ச்சில் 52 சொற்கள், 6 பிழைகள். இதுவரை வகுப்பில் எழுதிப் பழகாத மூன்று சொற்களில் ழ சரியாக விழுந்திருக்கிறது. ‘ஏனென்றால்’ என்று ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு கோத்திருக்கிறாள். ர, ற மட்டும் இன்னும் மாறி மாறி வருகிறது.

தேதியே ஏமாற்றவும் செய்யும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் முதல் தாளை எடுத்தால், கோடை விடுமுறையில் மறந்ததெல்லாம் ‘ஆரம்ப நிலை’ ஆகிவிடும். ஜூலையில் தானாகவே திரும்பி வருவதெல்லாம் வளர்ச்சி என்று கணக்கில் ஏறும். மூன்று நான்கு வாரம் பொறுத்து எடுப்பது அதனால்தான். இதைவிட மோசமானது ஆய்வுக்கு முந்தின நாள் தயாராகும் கோப்பு. அதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை: ஜூலைத் தாளும் மார்ச்சுத் தாளும் ஒரே நோட்டிலிருந்து கிழித்தவை, ஒரே பேனா, தேதி மட்டும் பெரியவர் கையெழுத்து. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் அதே ஐந்து வாக்கியங்கள் இருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது.

எவ்வளவு நேர்மையாகச் சேர்த்தாலும் இந்தக் கோப்பால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் நான்காம், எட்டாம் வகுப்புகளில் எழுத்துக்கும் கணக்குக்கும் மாநிலம் முழுக்கக் கோப்பு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரே கோப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்கள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை. காரணங்களில் ஒன்று எளிமையானது: ஒவ்வொரு கோப்பிலும் வேறு வேறு வேலைகள். அங்கே பள்ளிகளை ஒப்பிடக் கோப்பைப் பயன்படுத்த நினைத்ததுதான் சிக்கல் என்பது என் எண்ணம். ஒரு பிள்ளையை அவளுடைய ஜூலையோடு ஒப்பிட இது போதும். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையோடு ஒப்பிட இது உதவாது.

பெற்றோருக்கு இது புரிவதில் நேரமாகும். அன்றைய அட்டையின் பிடி அப்படி. பெற்றோர் கூட்டத்தில் இப்படித்தான் பேச்சு போகும்:

“எம்பொண்ணு எத்தனாவது ரேங்க்கு டீச்சர்?”

“ரேங்க் போடுறதில்லைங்கம்மா. இந்த மூணு தாளையும் பாருங்க. இது ஜூலையில எழுதினது.”

“இதுல தப்பு கம்மியா இருக்கே. அப்ப நல்லாத்தான எழுதியிருக்கா?”

இந்தக் கேள்வி வரும்போது டீச்சர் இரண்டு தாளையும் உரக்கப் படித்துக் காட்டுவது நல்லது. பதினான்கு சொல்லைக் கேட்டுவிட்டு முப்பத்தெட்டைக் கேட்கும் அம்மாவுக்குக் கணக்கு எதுவும் தேவைப்படாது.

வேலைச் சுமை என்ற புகாரிலும் நியாயம் உண்டு. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்திலும் எல்லாத் தாளையும் சேர்த்தால் அலமாரி நிரம்பும், யாரும் படிக்க மாட்டார்கள். கட்டுரை நோட்டின் கதியே இதற்கும். மொழிக்கு மூன்று தாள், கணக்குக்கு மூன்று தாள் போதும். ஏப்ரலில் அவற்றோடு ஒரு சிறு குறிப்பு நான்காம் வகுப்பு ஆசிரியருக்குப் போக வேண்டும். மேலே சொன்ன பிள்ளைக்கு அந்தக் குறிப்பு இவ்வளவுதான்: ழ வந்துவிட்டது, புதிய சொற்களிலும் பிழையில்லை. ர, ற நிலைக்கவில்லை. ஜூலையில் ‘மரம்’, ‘அறம்’ போன்ற சொற்களைச் சொல்லக் கேட்டு எழுத வைத்துப் பார்க்கவும். வாக்கியங்களைக் கோக்கத் தொடங்கியிருக்கிறாள், பத்தி பிரிக்கத் தெரியாது.