கும்மிக்கு எதுகை அம்மி: உறவுகள் கூடும் நாளுக்கு ஒரு சொல் விளையாட்டு

காதுகுத்து, வளைகாப்பு, பொங்கல் விடுமுறை என்று உறவுகள் கூடும் வீட்டில் ஒரு விளையாட்டு வைக்க நினைத்தால், முதல் சிக்கல் வயதுதான். பழமொழியில் பாதியைச் சொல்லி மீதியைக் கேட்டால் பாட்டிமார்களே எல்லாப் புள்ளிகளையும் அள்ளிவிடுவார்கள். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னால், தமிழ் வாசிக்கத் தடுமாறும் பேரப்பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பியே வெல்ல வேண்டும் என்றால், எதுகையையும் பழமொழியையும் ஒரே அட்டையில் சேர்க்க வேண்டும். எதுகையைப் பிடிக்கக் காது போதும். பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். பழமொழி பெரியவர்களின் சொத்து.

ஓசை ஒப்புமை என்றதும் பலரும் சொல்லின் கடைசியைத்தான் பார்ப்பார்கள். அதற்கு இயைபு என்று பெயர். விளையாட்டுக்கு அது உதவாது. வந்தான், போனான், படித்தான் என்று தமிழ் வினைச்சொற்கள் தாமாகவே ஒன்றுபோல முடிவதால் விடைக்குக் கணக்கே இருக்காது. எதுகை அப்படியல்ல. அதில் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். முதலெழுத்து மாறலாம், ஆனால் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் நிற்க வேண்டும். ‘பட்டு’க்கு எதுகை ‘தட்டு’, ‘மட்டு’. ‘பாட்டு’ சேராது, அதற்கு இணை ‘பூட்டு’. இந்த ஒரு விதியை ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு எடுத்துக்காட்டோடு சொல்லிவிட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விடை, மூன்று குறிப்புகள். முதல் குறிப்பு எதுகையும் எழுத்தெண்ணிக்கையும். இதிலேயே கண்டுபிடித்தால் 3 புள்ளி. இரண்டாவது, அந்தப் பழமொழியை வீட்டில் எப்போது சொல்வார்கள் என்ற ஒரு சூழ்நிலை, 2 புள்ளி. மூன்றாவது, சொல் விடுபட்ட பழமொழி, 1 புள்ளி. ஒரு குறிப்புக்கு ஒரு குழு ஒரே ஒரு விடைதான் சொல்லலாம். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பிள்ளைகள் எதுகைச் சொற்களை வரிசையாகக் கத்தியே ஜெயித்துவிடுவார்கள்.

ஓர் அட்டையை முழுதாகப் பார்க்கலாம். விடை ‘அம்மி’. முதல் குறிப்பு: “கும்மிக்கு எதுகை, மூன்று எழுத்து.” உடனே பிள்ளைகளிடமிருந்து மம்மி, டம்மி, கம்மி எல்லாம் வரும். குழுவுக்குள் பேசி ஒன்றைத் தேர்ந்து சொல்வதற்குள் பாட்டி ஒருத்தி “அம்மியும் உண்டே” என்பாள். இரண்டாவது குறிப்பு: “ஊருக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த தாத்தாவை எல்லாரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கடைசியில் ‘சரி, கிளம்பலாம்’ என்றார். பாட்டி என்ன பழமொழி சொல்வாள்?” பெரியவர்களுக்கு இங்கே பொறி தட்டும். மூன்றாவது: “அடி மேல் அடி அடித்தால் _ _ _ யும் நகரும்.” இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை.

எழுத்தெண்ணிக்கையில் தகராறு வரும். புள்ளி வைத்த மெய்யும் ஓர் எழுத்து என்று முன்பே அறிவித்துவிட வேண்டும். அம்மி மூன்று, கூடம் மூன்று, மேடை இரண்டு.

விடைச்சொல்லைத் தேர்வதில்தான் வடிவமைப்பவரின் உழைப்பு முழுதும் இருக்கிறது. ஒரு சொல்லை எடுத்ததும் அதற்கு எத்தனை எதுகைகள் உடனே வாயில் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான்கு முதல் எட்டு வரை வந்தால் நல்ல சொல். ‘காரம்’ என்று வைத்தால் வாரம், பாரம், தூரம், நேரம், ஓரம், ஈரம், வீரம், பேரம் என்று நீண்டுகொண்டே போகும்; ஊகிப்பது குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும். அப்போது மோனையைத் துணைக்கு அழைக்கலாம். மோனை என்பது முதலெழுத்தின் ஒப்புமை. “வாரத்துக்கு எதுகை, கடலுக்கு மோனை” என்றால் காரம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பிறகு “கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது” என்ற பழமொழி அதை உறுதிப்படுத்தும்.

பழமொழிக்குள்ளேயே எதுகை இருந்தால் இன்னொரு விதமாக யோசிக்க வேண்டும். “ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்” என்பதில் பூனையை மறைத்தால் ஆனையே காட்டிக்கொடுத்துவிடும். “ஆடிப் பட்டம் தேடி விதை”, “விளையும் பயிர் முளையிலே தெரியும்” போன்றவையும் இப்படித்தான். இவற்றைத் தொடக்கச் சுற்றுக்கு வைத்துக்கொண்டால் பிள்ளைகளின் தயக்கம் போய்விடும்.

விகுதியையும் கவனியுங்கள். “அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பதில் விடை முகம் என்றால், பழமொழியில் இருப்பதோ ‘முகத்து’. எழுத்தெண்ணிக்கை பொருந்தாமல் ஆட்டம் நின்றுவிடும். எனவே வேற்றுமை உருபு ஏறும்போது வடிவம் மாறாத சொல்லையோ, பழமொழியில் உருபே ஏற்காத சொல்லையோ எடுங்கள். “தனி மரம் தோப்பாகாது” என்பதில் மரம் அப்படியே நிற்கிறது, சிக்கலில்லை.

அட்டைகள் எழுதப் பழமொழித் தொகுப்பு ஒன்று கையில் இருந்தால் நல்லது. கி.வா.ஜகந்நாதன் தொகுத்த ‘தமிழ்ப் பழமொழிகள்’ அகரவரிசையில் செல்கிறது. 1897-இல் வெளிவந்த ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு பொருள்வாரியாகப் பிரித்தது. சூழ்நிலைக் குறிப்பு எழுத அது வசதி. ஆனால் பழைய தொகுப்புகளில் சாதியையும் பெண்களையும் உடற்குறையையும் இழிவாகப் பேசும் பழமொழிகள் நிறைய உண்டு. அவற்றைத் தயங்காமல் ஒதுக்குங்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதைக்கூட, புதிதாக வந்த மருமகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் எடுக்காமலிருப்பதே நாகரிகம்.

இருபது பேர் இருந்தால் ஐந்து பேராக நான்கு குழு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு மூத்தவர், ஒரு சிறுபிள்ளை கட்டாயம். ஒரு குறிப்புக்கு அரை நிமிடம் என்றால் ஓர் அட்டைக்கு ஒன்றரை நிமிடம். 12 அட்டைக்கு 18 நிமிடம். வாக்குவாதத்தையும் சேர்த்தால் அரைமணி நேரம். பந்திக்கு இலை போடும் முன் முடித்துவிடலாம். எல்லாவற்றையும் வாய்மொழியாகவே நடத்துங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கண் மங்கிய தாத்தாவுக்கும் அதுவே நியாயம்.

வாக்குவாதம் வரும்போது அதை அடக்க வேண்டியதில்லை. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று அட்டையில் இருக்கும். “எங்கள் பக்கம் மேடை கோணல் என்றுதான் சொல்வோம்” என்பார் ஒருவர். ‘ஆட’ என்ற சொல்லுக்குக் கூடமும் எதுகை, மேடையும் எதுகை, இரண்டும் சரி. மூன்றெழுத்து என்ற குறிப்பு மட்டுமே கூடத்தை விடையாக்குகிறது. இதற்காகவே ஒரு கடைசி விதி வைத்துக்கொள்ளலாம்: விடை வெளியான பிறகு அதே பழமொழிக்கு வேறு பாடம் சொல்பவரின் குழுவுக்கு ஒரு புள்ளி. அந்தப் பாடத்தை அட்டையின் பின்பக்கம், எந்த ஊர் வழக்கு என்ற குறிப்போடு அங்கேயே எழுதிவிடுங்கள். அச்சுத் தொகுப்பில் கிடைக்காத உங்கள் குடும்பத்துப் பழமொழிகள் அந்தப் பின்பக்கங்களில்தான் சேரும்.