ஏழு எண்கள், நான்கு சுழற்சிகள்

‘60, 30, 15, 45, 50, 40, 75 ஆகிய எண்களை இதே வரிசையில் ஓர் ஏ.வி.எல். மரத்தில் சேர்க்கவும். ஒவ்வொரு சுழற்சிக்கும் காரணம் கூறவும்.’ கணினி படித்தவர்கள் இந்த மாதிரிக் கேள்வியைப் பார்க்காமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது. விடைத்தாளில் வரிசையாகப் படங்கள் இருக்கும். ‘காரணம் கூறவும்’ என்ற பாதிக்குத்தான் பதில் இருக்காது. ‘எல்.ஆர். ரொட்டேஷன் செய்யப்பட்டது’ என்று எழுதினால் அது செய்ததைச் சொல்வது. ஏன் செய்தோம் என்பதைச் சொல்வதாகாது.

கணினி படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. தேடல் மரத்தில் ஒவ்வோர் எண்ணும் ஒரு கணு. வகுப்பில் ‘நோடு’ என்பார்கள். ஒரு கணுவைவிடச் சிறியவை எல்லாம் அதன் இடப்பக்கம், பெரியவை எல்லாம் வலப்பக்கம். அதனால் ஓர் எண்ணைத் தேடும்போது ஒவ்வொரு கணுவிலும் ஒரு பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம். ஆனால் எண்கள் ஏறுவரிசையில் வந்து சேர்ந்தால் எல்லாம் வலப்பக்கமே போய்த் தொங்கும். 10 லட்சம் எண்கள் இருந்தால் 10 லட்சம் அடுக்கு. சோவியத் கணித அறிஞர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்; அவர்கள் பெயர்களின் எழுத்துகளே ஏ.வி.எல். எந்தக் கணுவிலும் இடப்பக்க உயரத்துக்கும் வலப்பக்க உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கேயே மரத்தைச் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றினால், 10 லட்சம் எண்களுக்கும் 28 அடுக்குகள் போதும்.

இனி விடை. முதல் வரியிலேயே கணக்கு முறையைச் சொல்லிவிட வேண்டும்: சமநிலை எண் என்பது இடப்பக்க உயரத்திலிருந்து வலப்பக்க உயரத்தைக் கழித்தது, தனிக் கணுவின் உயரம் 1, வெற்றிடத்தின் உயரம் 0. சில நூல்கள் வலத்திலிருந்து இடத்தைக் கழிக்கும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நடுவில் மாற்றாமல் இருந்தால் சரி.

60 வேர். 30 அதன் இடம். 15 வந்து 30இன் இடப்பக்கம் அமர்கிறது. இப்போது 60இன் இடப்பக்க உயரம் 2, வலப்பக்கம் 0. சமநிலை எண் +2. நிபந்தனை 60இல் உடைந்தது. அங்கிருந்து புது எண்ணை நோக்கி இறங்கினால் இடம், மீண்டும் இடம். எடை ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் எதிர்த் திசையில் ஒரே சுழற்சி போதும். வலப்பக்கம் சுழற்றினால் 30 மேலே வருகிறது, 15 இடத்திலும் 60 வலத்திலும் அமர்கின்றன. 60 என்பது 30ஐவிடப் பெரியது. அதனால் அது வலப்பக்கம் இறங்கினாலும் வரிசை கெடவில்லை. இந்த வாக்கியத்தை விடைத்தாளில் அவசியம் எழுத வேண்டும். சுழற்சியால் உயரம் குறைகிறது என்பது பாதிக் காரணம்தான். அதைச் செய்ய நமக்கு அனுமதி இருக்கிறது என்பது மீதிப் பாதி.

45 வந்து 60இன் இடப்பக்கம் சேர்கிறது. சிக்கலில்லை. அடுத்து 50. அது 45இன் வலப்பக்கம் போகிறது.

```
  30
 /  \
15   60
    /
   45
     \
      50
```

இங்கே ஒரே நேரத்தில் இரண்டு கணுக்கள் உடைகின்றன. 60இன் சமநிலை எண் +2. வேரான 30இன் சமநிலை எண் −2. எதைச் சுழற்றுவது? வேரில் கைவைக்கும் மாணவர்கள் நிறைய. விதி, புது எண்ணிலிருந்து மேலே ஏறும்போது முதலில் உடைந்திருக்கும் கணுவைத்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இங்கே அது 60. காரணம் எளிது. 50 வருவதற்கு முன்பு 60இன் கிளை இரண்டு அடுக்கு உயரம். சுழற்சி அதை மறுபடியும் இரண்டு அடுக்காக்கிவிடும். கிளை பழைய உயரத்துக்குத் திரும்பினால், மேலே இருக்கும் 30க்குக் கீழே எதுவும் மாறாத மாதிரிதான். அதன் −2 தானாகவே −1 ஆகிவிடும். அதனால்தான் ஓர் எண்ணைச் சேர்க்கும்போது ஓரிடத்தில் சரிசெய்தாலே போதும்.

60இலிருந்து இறங்கும் பாதை இடம், பிறகு வலம். வளைந்த பாதைக்கு இரண்டு சுழற்சி தேவை. முதலில் 45ஐ இடப்பக்கம் சுழற்றினால் 60, 50, 45 மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். பிறகு 60ஐ வலப்பக்கம் சுழற்றலாம். மூன்றில் நடுமதிப்பான 50 மேலே வந்து, 45உம் 60உம் அதன் இரு பக்கமும் அமர்கின்றன.

அடுத்த எண் 40. கேள்வியின் சிரமமான இடம் இதுதான். 40 என்பது 30ஐவிடப் பெரியது, 50ஐவிடச் சிறியது, 45ஐவிடச் சிறியது. எனவே 45இன் இடப்பக்கம்.

```
  30
 /  \
15   50
    /  \
   45   60
  /
 40
```

மேலே ஏறிப் பார்ப்போம். 45இல் +1, 50இல் +1, இரண்டும் சரி. 30இல் இடம் 1, வலம் 3, −2. உடைந்த கணு வேர்தான். புது எண்ணின் பெற்றோரிலேயே தவறு இருக்கும் என்று தேடுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பாதை வலம், பிறகு இடம். மீண்டும் வளைவு.

ஒரே சுழற்சியில் முடித்துவிட்டால் என்ன? 30ஐ மட்டும் இடப்பக்கம் சுழற்றிப் பாருங்கள். 50 வேராகும். அதன் இடத்தில் இருந்த 45, 40ஐயும் சுமந்துகொண்டு 30இன் வலப்பக்கம் போய்ச் சேரும். இப்போது 50இன் இடப்பக்க உயரம் 3, வலப்பக்கம் 1. −2 போய் +2 வந்திருக்கிறது, அவ்வளவுதான். கனமான கிளை நடுவில் இருந்தது. ஒற்றைச் சுழற்சி அதை உயர்த்தாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி மட்டுமே வைத்தது. இரட்டைச் சுழற்சிக்கு இதைவிட நல்ல காரணம் எழுத முடியாது என்பது என் கருத்து.

முறைப்படி முதலில் 50ஐ வலப்பக்கம் சுழற்ற, 45 மேலே வருகிறது. பிறகு 30ஐ இடப்பக்கம் சுழற்ற, 45 வேராகிறது. அதன்கீழ் இருந்த 40 எங்கே போகும்? அது 30ஐவிடப் பெரியது, 45ஐவிடச் சிறியது. அந்த இடைவெளிக்குரிய இடம் 30இன் வலப்பக்கம் ஒன்றே.

கடைசி எண் 75, 60இன் வலப்பக்கம். 50இல் இடம் 0, வலம் 2, −2. வேரான 45இல் −1 மட்டுமே, அதைத் தொட வேண்டாம். பாதை வலம், வலம். எனவே 50ஐ இடப்பக்கம் ஒரு முறை சுழற்றினால் போதும். 60 மேலே வருகிறது.

```
     45
    /  \
  30    60
 /  \  /  \
15  40 50  75
```

நால்வகைச் சுழற்சியும் வந்துவிட்டன. ஏழு எண்கள் மூன்றே அடுக்கில் அடங்கிவிட்டன. சுழற்றாமல் விட்டிருந்தால் நான்கு அடுக்கு.

தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாளைக் கொடுப்பதற்கு முன், இறுதி மரத்தை இடம், வேர், வலம் என்ற முறையில் வாசித்து எழுதுங்கள்: 15, 30, 40, 45, 50, 60, 75. ஏறுவரிசை வராவிட்டால் ஏதோ ஒரு கிளை தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். முதலில் இரட்டைச் சுழற்சிகளைத் திரும்பிப் பாருங்கள். ஏறுவரிசை சரியாக வந்தால், எல்லாக் கணுவிலும் சமநிலை எண்ணையும் ஒரு முறை சரிபாருங்கள். சுழற்ற மறந்த மரமும் ஏறுவரிசையைத் தரும்.