கோளாறைச் சொல்லவும் ஒரு முறை உண்டு

மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளை ஆடுபவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒன்று டிஸ்கார்ட் சர்வர். அதில் சேர்ந்ததும் முதலில் கண்ணில் படுவது அறிவிப்பு. பலரும் அதைப் படிக்காமலே அரட்டைக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

விதிகள் பெரும்பாலும் எளியவை. வசவு கூடாது, பிறருடைய சொந்த விவரங்களைப் போடக் கூடாது, விளம்பர லிங்க் கூடாது. இவற்றைக் காப்பவர்கள் மாடரேட்டர்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் உழைக்கும் ரசிகர்கள். பதிவை நீக்கவும், ஒருவரை அதிகபட்சம் 28 நாள் பேசவிடாமல் நிறுத்தவும், சர்வரைவிட்டே விலக்கவும் அவர்களால் முடியும். எந்த மாடரேட்டரும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்க மாட்டார். கேட்பவர் போலி.

‘பக்’ எனப்படும் கோளாறைத் தெரிவிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “கேம் வேலை செய்யவில்லை” என்ற ஒரு வரியை வைத்து யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. பெட்டி வைத்த படகில் ஏறி இறங்கியதும் உள்ளே இருந்த பொருள்கள் காணாமல் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் F3 விசையை அழுத்தினால் பதிப்பு எண்ணும் நீங்கள் நிற்கும் இடமும் திரையில் தெரியும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, செய்ததை வரிசையாக எழுதுங்கள்: படகை வைத்தேன், பெட்டியில் பொருள் போட்டேன், ஏறி இறங்கினேன். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்பதைத் தனித்தனியே சொல்லுங்கள். latest.log கோப்பையும் இணையுங்கள். ரசிகர்கள் செய்த மாட்களை நீக்கிவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். அப்போது கோளாறு வரவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் அந்த மாட்டில்தான். வந்தால், அதே கோளாறை வேறு யாரும் முன்பே தெரிவித்திருக்கிறார்களா என்று தேடிவிட்டுப் பதிவிடுங்கள்.

சில கோளாறுகளை மட்டும் பொதுவில் சொல்லவே கூடாது. 2021 டிசம்பரில் நடந்தது இதற்குச் சான்று. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, நடப்பவற்றைப் பதிவுசெய்ய லாக்4ஜே என்ற நிரலைப் பயன்படுத்துகிறது. சாட்டில் வரும் செய்திகளும் அதில் பதிவாகும். குறிப்பிட்ட வடிவில் எழுதிய ஒரு செய்தியைப் பதிவுசெய்யும்போது, அந்த நிரல் அதை வெறும் எழுத்தாகக் கருதாமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து அன்னிய நிரலை இழுத்து இயக்கியது. சாட்டில் ஒரே ஒரு வரியைத் தட்டி, சர்வரையும் அதில் ஆடுபவர்களின் கணினியையும் கைப்பற்ற வழி திறந்துகிடந்தது. மோஜாங் நிறுவனம் டிசம்பர் 10 அன்று 1.18.1 பதிப்பை வெளியிட்டு அந்த வழியை அடைத்தது. புதுப்பிக்காத சர்வர்கள் அதற்குப் பிறகும் ஆபத்திலேயே இருந்தன.

அப்படிப்பட்ட வரி ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், பொதுச் சேனலில் ஒட்டிக் காட்டாதீர்கள். பார்த்தவர் ஒவ்வொருவரும் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். மாடரேட்டருக்குத் தனிச் செய்தியாகவோ, விளையாட்டு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கோ அனுப்புங்கள். திருத்தம் வெளியாகும்வரை அமைதி காப்பதுதான் உடன் ஆடுபவர்களைக் காப்பாற்றும்.