ஒப்பந்தம் முடியும் நாள் அல்ல, ஒவ்வொரு மாலையும் கணக்கு நாள்

பங்குச் சந்தையில் ஃபியூச்சர்ஸ் எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில் ஈடுபடும் பெங்களூரு வாடிக்கையாளர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒப்பந்தம் மாதக் கடைசியில்தானே முடிகிறது? அதற்குள் என் கணக்கிலிருந்து பணம் எதற்காகப் போகிறது?" இதற்கு விடை காண, 2024 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம்.

மக்களவைத் தேர்தலின் கருத்துக்கணிப்புகள் ஜூன் 1, சனிக்கிழமை மாலை வெளியாயின. திங்கட்கிழமை நிஃப்டி வெகுவாக உயர்ந்து 23,263.90 புள்ளிகளில் முடிந்தது. அந்த விலையில், ஜெயநகரில் வசிக்கும் ஒருவர் ஜூன் மாத நிஃப்டி ஒப்பந்தம் ஒரு லாட் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு லாட் என்பது 25 அலகுகள். ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 5.82 லட்சம் ரூபாய். இத்தொகை முழுவதையும் அவர் கட்ட வேண்டியதில்லை. மார்ஜின் எனப்படும் பிணைத்தொகையை மட்டும் தரகரிடம் வைத்திருந்தால் போதும். தேவையான மார்ஜின் 75,000 ரூபாய் என்றும், அவர் 80,000 ரூபாய் செலுத்தியிருந்தார் என்றும் கொள்வோம். ஒப்பந்த விலை குறியீட்டெண்ணிலிருந்து சற்று வேறுபடும். எளிமை கருதி இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம்.

வாங்குபவர், விற்பவர் ஆகிய இருவருக்கும் நடுவே தீர்வகம் நின்று உத்தரவாதம் அளிக்கிறது. தேசியப் பங்குச் சந்தையில் இப்பணியைச் செய்வது என்எஸ்இ கிளியரிங் நிறுவனம். நட்டம் பல நாள் சேர்ந்து பெருகிவிட்டால் அதை வசூலிப்பது கடினம். ஆகவே ஒவ்வொரு நாள் மாலையும், ஒப்பந்தத்தின் இறுதி அரைமணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரியைக் கொண்டு அன்றாடத் தீர்வு விலை கணக்கிடப்படுகிறது. முந்தைய நாளின் தீர்வு விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, நட்டமடைந்தவரிடம் பெறப்பட்டு இலாபமடைந்தவருக்கு வழங்கப்படுகிறது. இதுவே மார்க் டு மார்க்கெட்.

ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள். நிஃப்டி 21,884.50 புள்ளிகளுக்குச் சரிந்தது. 1,379.40 புள்ளிகளை 25 ஆல் பெருக்கினால், நட்டம் 34,485 ரூபாய். கணக்கில் எஞ்சியது 45,515 ரூபாய். மார்ஜினை மீண்டும் 75,000 ஆக்க, அவர் 29,485 ரூபாய் செலுத்தியாக வேண்டும்.

அவர் அதைச் செலுத்திவிட்டார் எனில், அடுத்த மூன்று நாள்களின் கணக்கு இவ்வாறு அமையும். ஜூன் 5 அன்று நிஃப்டி 22,620.35 ஆக உயர, 18,396.25 ரூபாய் வரவாகி இருப்பு 93,396.25 ஆகிறது. ஜூன் 6 அன்று 22,821.40, வரவு 5,026.25, இருப்பு 98,422.50. ஜூன் 7 அன்று 23,290.15, வரவு 11,718.75, இருப்பு 1,10,141.25. அவர் செலுத்திய மொத்தத் தொகை 1,09,485 ரூபாய். ஆக, நான்கு நாள் அலைச்சலுக்குப் பின் கிடைத்த இலாபம் 656.25 ரூபாய், தரகும் வரியும் இதிலிருந்து கழியும்.

அந்த 29,485 ரூபாயை உரிய நேரத்தில் செலுத்த இயலாதவரின் நிலை என்ன? தரகர் அவருடைய ஒப்பந்தத்தை விற்று முடித்துவிட இயலும். சரிவு விலையிலேயே அது விற்கப்பட்டிருந்தால் 34,485 ரூபாய் நட்டம் நிலைத்துவிடும்; அடுத்த மூன்று நாள் ஏற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. வெள்ளிக்கிழமை விலை பற்றிய அவரது கணிப்பு தவறாகவில்லை. செவ்வாய் மாலையைக் கடப்பதற்கான கைப்பணம்தான் அவரிடம் இல்லை.

இங்கு இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, அடகு வைத்த பங்குகள் மார்ஜினுக்கு ஈடாகலாம். ஆனால் அன்றாட நட்டத்தை ரொக்கமாகவே தீர்க்க வேண்டும். இரண்டாவது, இத்தகைய கொந்தளிப்புக்குப் பின் தேவையான மார்ஜினே உயரக்கூடும். அப்போது மேலே கண்டதைவிடக் கூடுதலாகச் செலுத்த நேரிடும்.

தரகர் அனுப்பும் அன்றாட அறிக்கையைப் படிக்கும்போதும் கவனம் தேவை. ஜூன் 5 அன்று அதில் 18,396.25 ரூபாய் வரவு என்றிருக்கும். அது முந்தைய நாள் விலையிலிருந்து கணக்கிடப்பட்டது. வாங்கிய விலையிலிருந்து பார்த்தால் அன்றும் அவருக்கு 16,088.75 ரூபாய் நட்டமே. தம் உண்மை நிலையை அறிய விரும்புவோர், வாங்கிய நாள் முதலான வரவு பற்றுகள் அனைத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆதலால், ஒப்பந்தம் வாங்குமுன் மார்ஜின் கையில் உள்ளதா என்று பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. ஒரே நாளில் ஆறு விழுக்காடு சரிந்தால் மறுநாள் காலைக்குள் எவ்வளவு தர இயலும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஜூன் 4 அன்று நிகழ்ந்த சரிவு ஏறத்தாழ அந்த அளவினதே.