நெட்டுச்சுவரின் நேர்மை

அடுக்குமாடிக் கட்டடத்தின் நடுவே லிஃப்டும் படிக்கட்டும் செல்லும் கான்கிரீட் கூடுதான் கோர் வால். அது எழுந்து முடிந்ததும், வரைபடத்தில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து உண்மையில் எவ்வளவு விலகி நிற்கிறது என்று சர்வேயர் அளந்து அறிக்கை தருகிறார்.

அதில் ஒரு மூலையின் அட்டவணையை மட்டும் பார்ப்போம். 10ஆம் மாடியில் கிழக்கே 4 மில்லிமீட்டர் விலகல், 20இல் 9, 21இல் 23, 30இல் 24 என்று வைத்துக்கொள்வோம். கடைசி எண்ணைப் பார்த்துச் சுவரே சாய்ந்துவிட்டது என்று பதறக் கூடாது. 20க்கும் 21க்கும் இடையே ஒரே தாவலாக 14 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. சாய்வென்றால் மாடிக்கு மாடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்; இப்படித் தாவினால் அந்த மாடியில் சென்ட்ரிங் நகர்ந்திருக்கலாம். எதிர்ச்சுவரும் கிழக்கேயே நகர்ந்திருந்தால் லிஃப்ட் குழியின் அகலம் குறையவில்லை. அது மேற்கே வந்திருந்தால் குழி குறுகிவிட்டது, லிஃப்ட் தண்டவாளம் பொருத்துபவருக்கு அதுதான் தலைவலி.

எப்போது அளந்தார்கள் என்பதையும் நான் கட்டாயம் பார்ப்பேன். வெயில் படும் பக்கம் விரிவதால் உயர்ந்த கட்டடம் பகலில் மறுபக்கம் வளையும். ஆகவே விடியுமுன் அளப்பதே நல்லது.

மட்டத்துக்குத் தேதி முக்கியம். கான்கிரீட் பாரத்தாலும் உலர்வதாலும் மாதக்கணக்கில் குறுகிக்கொண்டே போகும். வார்த்த அன்று சரியாக இருந்த மேல்மாடி, பிறகு தரையிலிருந்து அளந்தால் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்.