ஐந்து பேர் திருத்திய ஒரு மின்னஞ்சல்

கோவையில் மாவு கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர் வருகிறது. ஏற்கெனவே தங்களிடம் கிரைண்டர் வாங்கிய ஆறாயிரம் பேருக்கு அதைப் பற்றி ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். எழுதுகிறவர் முதல் வரைவை இப்படி எழுதுகிறார்:

"சத்தமே இல்லாமல், இருபதே நிமிடத்தில் மாவு! அறிமுகமாகிறது எங்கள் புதிய டில்டிங் கிரைண்டர். இனி டிரம்மைத் தூக்க வேண்டாம், சாய்த்தாலே மாவு இறங்கும். விலை 7,490 ரூபாய். பழைய கிரைண்டரைக் கொடுத்தால் 800 ரூபாய் தள்ளுபடி. இன்றே பதிவு செய்யுங்கள்."

இது ஐந்து பேரிடம் போகிறது. நிறுவனர், "நாம் நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்" என்கிறார். விற்பனைத் தலைவருக்கு எல்லாம் பாதியாகச் சுருங்க வேண்டும். 800 ரூபாய் சப்ஜெக்ட் வரிக்குப் போக வேண்டும். 'இன்று மட்டும்' என்று சேர்க்க வேண்டும். பொறியாளர் 'சத்தமே இல்லாமல்' தவறு என்று அடித்துவிட்டு, மோட்டாரின் வாட், கல்லின் அமைப்பு, சுழற்சி வேகம் மூன்றையும் கேட்கிறார். சட்ட ஆலோசகர் நிரூபிக்க முடியாத எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, தள்ளுபடியின் நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்கிறார். வாடிக்கையாளர் சேவையைப் பார்க்கிறவர், போனில் வரப்போகிற கேள்விகள் என்று எட்டு கேள்வி பதில்களை அனுப்புகிறார்.

ஐந்து பேரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஐந்தையும் அப்படியே ஏற்றினால் ஒருவர் பாதியாக்கச் சொன்ன கடிதம் மூன்று மடங்காகும். இந்த இடத்தில் பலரும் செய்வது ஒட்டுப்போடுவது. நிறுவனருக்கு ஒரு பத்தி, பொறியாளருக்கு ஒரு அட்டவணை, சட்டத்துக்கு அடியில் பொடி எழுத்து. அப்படி வந்த மின்னஞ்சலை எளிதாக அடையாளம் காணலாம். முதல் பத்தி வாழ்த்துரை மாதிரி பேசும், இரண்டாவது விளம்பரம் மாதிரி, மூன்றாவது ஒப்பந்தம் மாதிரி. பத்திகளை 'மேலும்', 'அத்துடன்' என்ற சொற்கள் மட்டுமே இழுத்துப் பிடித்திருக்கும். மூன்று பட்டன்கள் மூன்று இடத்துக்கு அழைக்கும்.

வேறு வழி இருக்கிறது. எந்தத் திருத்தத்தையும் தொடுவதற்கு முன், வரைவின் தலையில் ஒரு வரி எழுத வேண்டும்: இதைப் படிப்பவர் யார், படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? இங்கே விடை: பல வருடம் முன்பு நம்மிடம் கிரைண்டர் வாங்கியவர், அவர் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கப் பதிவு செய்ய வேண்டும். இந்த வரிக்கு ஐவரும் சம்மதிக்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். இதிலேயே கருத்து வேறுபாடு இருந்தால், கீழே சொற்களைத் திருத்திப் பயனில்லை. கூடவே, முடிவில் 'இது போகலாம்' என்று சொல்லப்போகிறவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அவர் இந்தக் கிரைண்டருக்குப் பொறுப்பான தயாரிப்பு மேலாளர். மற்ற ஐவரும் ஆலோசனை சொல்பவர்கள், நிறுவனர் உட்பட. இதை மரியாதையோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளாத நிறுவனங்களில் கடைசியாகப் பேசியவர் சொன்னதே நிலைத்துவிடுகிறது.

அடுத்து, ஐவரின் கருத்துகளையும் ஒரே தாளில் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக உடைக்க வேண்டும். விற்பனைத் தலைவர் ஒரே மூச்சில் சொன்னது உண்மையில் மூன்று கருத்துகள். உடைத்தபின் இரண்டு வகை தெரியும். சில, உண்மையும் சட்டமும் சம்பந்தப்பட்டவை. அவற்றில் பேரம் கிடையாது. மற்றவை, ஒருவர் தன் கவலைக்குத் தானே சொல்லும் மருந்து. கவலையை எடுத்துக்கொள்ள வேண்டும், மருந்தை மாற்றலாம். என் அனுபவத்தில், முரண்பாடுகளில் பெரும்பகுதி மருந்துகளுக்கு இடையில்தான். கவலைகள் அபூர்வமாகவே மோதுகின்றன.

பேரம் இல்லாதவற்றிலிருந்து தொடங்குவோம். பொறியாளரிடம் போய், 'சத்தமே இல்லாமல்' தவறென்றால் எது சரி என்று கேட்க வேண்டும். பழைய மாடலையும் புதியதையும் ஒரே அறையில் ஓட்டி அளந்திருக்கிறோம், புதியதில் சத்தம் குறைவு, அறிக்கை இருக்கிறது என்கிறார். அப்படியானால் 'பழைய மாடலைவிடச் சத்தம் குறைவு' என்று எழுதலாம். சட்ட ஆலோசகர் கேட்ட ஆதாரமும் அதே அறிக்கைதான். இருவரின் கருத்தும் ஒரே சொற்றொடரில் தீர்ந்தது. 'இருபதே நிமிடம்' வேறு கதை. நான்கு மணி நேரம் ஊறிய அரைக் கிலோ இட்லி அரிசிக்கு இருபது நிமிடம் என்பது சோதனைக் கணக்கு. உளுந்தைத் தனியாக அரைக்க வேண்டுமே! மாவாட்டிப் பழகிய எவரும் அந்த வரியைப் படித்த கணமே அது முழு மாவுக்கான நேரம் இல்லை என்று கண்டுகொள்வார், பிறகு மற்ற வரிகளையும் நம்பமாட்டார். நிபந்தனைகளைச் சேர்த்துச் சரியாக்கினால் வரியில் கவர்ச்சி மிஞ்சாது. ஆகவே அது முழுவதுமாகப் போகட்டும்.

'இன்று மட்டும்' என்பதும் இந்த வகைதான். தள்ளுபடி அக்டோபர் 31 வரை இருக்கிறது. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் முறையற்ற உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் விற்பனைத் தலைவரின் கவலை நியாயமானது: படித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்குபவர் திரும்பி வருவதில்லை. அதற்கு உண்மையான கடைசித் தேதியே மருந்து. அதை விலைக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்தால் போதும்.

சட்ட ஆலோசகர் கேட்ட நிபந்தனைகளைத் தேடிப் போகும்போது இன்னொன்று வெளிவருகிறது. பழைய கிரைண்டரை வீட்டிலிருந்து எடுத்துவர 200 ரூபாய் கட்டணம் என்று சேவைப் பிரிவினர் சொல்கிறார்கள். வேறு யாருக்கும் அது நினைவில் இல்லை. 800 ரூபாய் என்று அழைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 200 ரூபாயைச் சேர்ப்பதும் அதே வழிகாட்டு நெறிகள் விலக்கும் செயல். இதை மேலாளர் ஒரு நாளில் முடிவு செய்ய வேண்டும்: கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்வதா, தள்ளுபடியை 600 ஆக்கி இலவசமாக எடுத்துவருவதா. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். திருத்தம் கேட்டுப் போன மின்னஞ்சல், சலுகையையே திருத்திவிட்டுத் திரும்புவது அடிக்கடி நடக்கும்; அதற்கு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இப்போது கவலைகள். நிறுவனர் நாற்பது வருடக் கதையை ஏன் கேட்கிறார்? நேரில் கேட்டால் சொல்கிறார்: "ஆன்லைனில் பெயர் தெரியாத பத்துக் கம்பெனி இதே மாதிரி மெயில் அனுப்புறான். நம்ம ஆளுங்களுக்கு இது நாமன்னு தெரியணும்." கவலை அடையாளம், நம்பிக்கை. முதல் பத்தி முழுக்க வரலாறு எழுதினால் அது தீராது. படிப்பவர் நம்மிடம் வாங்கியவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அடியில் நிறுவனர் தன் பெயரில் கையெழுத்திட்டால் தீரும்.

சேவைப் பிரிவின் எட்டு கேள்விகளில் ஆறு, பதிவுப் பக்கத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு கேள்வி மின்னஞ்சலுக்குள் இருந்தே ஆக வேண்டும்: "புதுசு வந்துட்டா பழசுக்கு ஸ்பேர் கிடைக்காதா?" தினமும் போனில் பேசுகிறவருக்குத்தான் இந்தப் பயம் தெரியும். ஆறாயிரம் பேரில் மாற்ற விரும்பாதவர்களே அதிகம் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதம் 'உங்களைக் கைவிடுகிறோம்' என்று கேட்கக் கூடாது. மற்றொன்று, பழைய டிரம் புதியதில் பொருந்துமா என்பது. பொருந்தாது என்று ஒரே வரி. பொறியாளரின் வாட்டும் சுழற்சி வேகமும், சேவையின் ஆறு கேள்விகளும் ஒரே பக்கத்தில் சேர்வதால், மின்னஞ்சல் சுருங்கி விற்பனைத் தலைவரின் முதல் கோரிக்கையும் நிறைவேறுகிறது.

முடிவுகள் எல்லாம் ஆனபிறகு, பழைய வரைவை மூடிவைத்துவிட்டு ஒரே ஆள் ஒரே அமர்வில் புதிதாக எழுத வேண்டும். பழைய வாக்கியங்களுக்கு நடுவே செருகினால் ஐந்து குரலும் மறுபடி எட்டிப்பார்க்கும்.

"வணக்கம். எங்கள் கிரைண்டரை உங்கள் வீட்டில் வைத்திருப்பதால் இதை முதலில் உங்களுக்குச் சொல்கிறோம். டிரம்மைத் தூக்கி மாவு வழிக்கும் வேலை இனி இல்லை. எங்கள் புதிய இரண்டு லிட்டர் கிரைண்டரைச் சாய்த்தால் மாவு பாத்திரத்தில் இறங்கும். பழைய மாடலைவிடச் சத்தமும் குறைவு.

விலை எல்லா வரிகளும் சேர்த்து 7,490 ரூபாய். அக்டோபர் 31க்குள் பதிவு செய்தால் உங்கள் பழைய கிரைண்டருக்கு 600 ரூபாய் கழித்து, அதை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பழைய டிரம் புதியதில் பொருந்தாது.

பழையதையே வைத்துக்கொள்கிறீர்களா? அதற்கான ஸ்பேரும் சர்வீஸும் தொடர்ந்து கிடைக்கும்."

கீழே ஒரே பட்டன்: 'மாற்றிக்கொள்ளப் பதிவு செய்ய'. அதன் கீழே நிறுவனர் பெயர்.

இதை ஐவருக்கும் திருப்பி அனுப்பும்போது கூடவே அந்தத் தாளும் போக வேண்டும்: ஒவ்வொரு கருத்துக்கும் நேரே ஏற்றது, மாற்றி ஏற்றது, ஏற்காதது என்ற மூன்றில் ஒன்றும், ஏற்காததற்கு ஒரு வரிக் காரணமும். தன் கருத்து என்ன ஆனது என்று தெரியாதவர் அதையே அடுத்த சுற்றில் இன்னும் உரக்கச் சொல்வார். இரண்டாம் சுற்றில் 'எப்படி இருக்கிறது' என்று கேட்கக் கூடாது. 'தவறாகவோ சட்ட விரோதமாகவோ ஏதாவது இருக்கிறதா' என்று மட்டும் கேட்க வேண்டும். அலுவலகத்தில் இதுவரை இதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, படித்ததும் என்ன செய்யத் தோன்றுகிறது என்றும் கேட்கலாம். 'மாற்றிக்கொள்ள பதிவு செய்யணும், 31க்குள்ள' என்று சொன்னால் கடிதம் ஒன்றாகிவிட்டது.

மீதி ஒரே ஒரு சண்டை: சப்ஜெக்ட் வரி. விற்பனைத் தலைவர் 'பழைய கிரைண்டருக்கு 600 ரூபாய்' என்கிறார், பொறியாளர் 'இனி டிரம் தூக்க வேண்டாம்' என்கிறார். இரண்டும் உண்மை, இரண்டும் போன் திரையில் அடங்கும். இதை வாதத்தில் முடிக்கத் தேவையில்லை. ஆயிரம் பேருக்கு ஒன்று, வேறு ஆயிரம் பேருக்கு மற்றது என்று அனுப்பி, பட்டனை அழுத்தியவர்களை எண்ணலாம். திறந்தவர்களின் எண்ணிக்கையை நம்பக் கூடாது. 2021 முதல் ஆப்பிள் மெயில், பயனர் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் திறந்ததாகவே கணக்கு காட்டும். ஒரு பக்கம் 40 பேர், மறுபக்கம் 46 பேர் அழுத்தினால் அது தற்செயலாகவே இருக்கலாம். 30க்கு 70 என்றால் மீதி நாலாயிரம் பேருக்கு வென்ற வரி போகும். வித்தியாசம் தெரியாவிட்டால் மேலாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலை பத்து மணிக்கு அனுப்பச் சொல்லிவிடலாம்.