புரோக்கர் இணைப்பு அறும் நேரம்

பங்கு, ஃபியூச்சர்ஸ் வர்த்தகத்தைக் கணினி நிரலிடம் ஒப்படைப்பவர்கள், அந்த நிரல் புரோக்கர் நிறுவனத்தின் சர்வரோடு எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். அதன் சர்வர்கள் தினமும் நியூயார்க் நள்ளிரவை ஒட்டிப் பராமரிப்புக்காகச் சிறிது நேரம் நின்று திரும்பும். பயனரின் கணினியில் ஓடும் கேட்வே மென்பொருளையும் நாளுக்கு ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

இவை இரண்டும் ஒன்றல்ல. கேட்வே மூடப்பட்டால் நிரலின் இணைப்பே அறுந்துவிடும். அதைக் கண்டுகொள்வது எளிது. சர்வர் நின்றாலோ நிரலுக்கும் கேட்வேக்கும் இடையிலான இணைப்பு அப்படியே இருக்கும். அதற்கு அப்பால்தான் யாரும் இல்லை. அப்போது `1100` என்ற எண்ணுடன் ஒரு செய்தி வரும். இணைப்பு திரும்பும்போது `1101` வந்தால், விலைத் தகவலுக்கான பழைய கோரிக்கைகள் அழிந்துவிட்டன, மறுபடி கேட்க வேண்டும் என்று பொருள். `1102` வந்தால் அவை பிழைத்திருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத நிரல், கடைசியாக வந்த பழைய விலையையே இப்போதைய விலை என்று எண்ணி ஆர்டர் போடக்கூடும்.

பொய் அலாரத்துக்கு முதல் காரணம் செய்தி வரும் வழிதான். ‘விலைத் தகவல் இணைப்பு சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் `2104` செய்தியும் பிழைச் செய்திகள் வரும் அதே வழியில்தான் வருகிறது. அந்த வழியில் வருவதற்கெல்லாம் மணி அடிக்கும் நிரல், நல்ல செய்திக்கும் ஆளை எழுப்பிவிடும்.

இரண்டாவது காரணம் கடிகாரம். நியூயார்க் நள்ளிரவு என்பது இந்தியாவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. அமெரிக்கா மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறது, இந்தியா மாற்றுவதில்லை. இந்திய நேரத்தை நிரலில் எழுதிவைத்தால், ஆண்டுக்கு இருமுறை பராமரிப்பு நேரம் ஒரு மணி நேரம் நகர்ந்துபோகும். `America/New_York` என்ற நேர மண்டலத்திலேயே கணக்கிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

பராமரிப்பு நேரத்தில் அலாரத்தை முழுக்க அணைத்துவைப்பது பலர் செய்யும் தவறு. அன்று சர்வர் திரும்பாமலே போனால் யாருக்கும் தெரியாது. இணைப்பு அறுந்ததைப் பதிவேட்டில் மட்டும் குறித்துவிட்டு, குறித்த நேரத்துக்குள் அது திரும்பவில்லை என்றால் மணி அடிக்கும்படி வைப்பதே சரி. மற்ற நேரங்களில் `1100` வந்தால் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம்; இணையத்தின் சிறு தடுமாற்றங்கள் பெரும்பாலும் அதற்குள் தாமாகச் சரியாகிவிடும்.

தவறான ஆர்டர் இதைவிட ஆபத்தானது. சிகாகோவின் மைக்ரோ இ-மினி எஸ் அண்ட் பி ஃபியூச்சர்ஸ் சந்தை நியூயார்க் நள்ளிரவிலும் திறந்திருக்கும். ஒருவர் அதில் 2 ஒப்பந்தங்கள் வாங்கி, விலை இறங்கினால் விற்றுவிடும்படி ஸ்டாப் ஆர்டரும் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு அறுந்திருந்த வேளையில் விலை இறங்கி, சந்தையில் இருந்த ஸ்டாப் ஆர்டர் நிறைவேறிவிடுகிறது. கையில் இப்போது ஒன்றும் இல்லை. நிரலின் நினைவிலோ இன்னும் 2 இருக்கிறது. இணைப்பு வந்ததும் இறங்கிய விலையைப் பார்த்து அது 2 விற்கிறது. விளைவு, கேட்காமலே 2 ஒப்பந்தம் ஷார்ட். அந்தச் சந்தையில் ஒரு புள்ளிக்கு ஒப்பந்தம் ஒன்றுக்கு 5 டாலர். விலை 20 புள்ளி ஏறினால் 200 டாலர் நஷ்டம்.

ஆகவே `1100` வந்த கணமே புதிய ஆர்டர்களுக்குப் பூட்டு விழ வேண்டும். `1102` வந்ததால் மட்டும் அது திறக்கக் கூடாது. கையிருப்பு, நிலுவை ஆர்டர்கள், நிறைவேறிய வர்த்தகங்கள் ஆகிய மூன்றையும் புதிதாகக் கேட்டு, தன் நினைவோடு ஒப்பிட்ட பிறகே நிரல் பூட்டைத் திறக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கையிருப்புப் பட்டியல் இன்னும் வரவில்லை என்பதும் கையிருப்பே இல்லை என்பதும் நிரலுக்கு ஒன்றுபோல் தோன்றும். `positionEnd` என்ற செய்தி வந்த பின்புதான் பட்டியல் முடிந்தது என்று கொள்ள வேண்டும். வர்த்தகப் பட்டியலோ வழக்கமாக நள்ளிரவுக்குப் பிந்தையதை மட்டும் தரும். அதற்குச் சற்று முன் நடந்ததற்குக் கையிருப்பே சாட்சி.

ஆர்டரை அனுப்பிப் பதில் வருமுன் இணைப்பு அறுந்தால், அதை ‘தோல்வி’ என்று குறிக்காமல் ‘தெரியவில்லை’ என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டரிலும் `orderRef` என்ற இடத்தில் தனி அடையாளம் எழுதியிருந்தால், இணைப்பு திரும்பியதும் அதைத் தேடிப் பார்க்கலாம். நிலுவையிலும் இல்லை, நிறைவேறியதிலும் இல்லை, கையிருப்பும் மாறவில்லை என்றால்தான் மறுபடி அனுப்பலாம். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பூட்டைத் திறக்காமல் மனிதரை அழைப்பதே நிரலின் வேலை. அந்த அலாரம் பராமரிப்பு நேரத்திலும் ஒலிக்க வேண்டும்.